துறவும் சொத்தும்: சடங்கு சாட்சியாகுமா?

முறைப்படி துறவு ஏற்றவர் குடும்பத்தைப் பொறுத்தவரை இறந்தவராகவே கருதப்படுவார் என்பது இந்து தருமசாத்திர மரபு. சட்ட நூல்கள் சிவில் மரணம் என்று குறிப்பிடும் இக்கோட்பாட்டின்படி, துறவுக்கு முன் அவருக்கிருந்த சொத்து அப்போதே வாரிசுகளைச் சேர்கிறது; துறவுக்குப் பின் சேர்ந்தது சீடருக்கோ மடத்துக்கோ உரியதாகிறது. விட்டு வந்த வீடும் புகுந்த மடமும் ஒன்றன் உடைமைமேல் மற்றொன்று கை வைக்க இயலாதபடி கோடு கிழித்ததே இதன் பெருஞ்சிறப்பு.

ஆனால் அக்கோட்டைச் சடங்கின்மேல் கிழித்ததில்தான் குறை இருக்கிறது. காவி உடுத்துவதும் பெயரை மாற்றிக்கொள்வதும் போதா. தனக்குத் தானே சிராத்தம் செய்து, விரஜா ஹோமம் முதலியவற்றை முடித்துத் துறவு நிறைவேறியதை நிறுவ வேண்டும் என்றே நீதிமன்றங்கள் கேட்டு வந்துள்ளன. அச்சடங்குக்கும் சாதி குறுக்கே நின்றது. தருமபுரம் ஆதீனத் தம்பிரான் ஒருவரின் சொத்தைப் பற்றிய வழக்கில், சூத்திரர் எனப்பட்டவர் சாத்திரப்படி சந்நியாசியாக முடியாது, மாறான வழக்காறு நிறுவப்படாவிடில் அவர் சொத்து இரத்த உறவினருக்கே சேரும் என்று சென்னை உயர் நீதிமன்றம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தீர்ப்பளித்தது. வேளாளத் தம்பிரான்களால் தழைத்த சைவ மடங்களுக்கு இது இழைத்த அநீதி சிறிதன்று.

1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டமோ துறவை வாரிசுத் தகுதியிழப்பாகக் குறிப்பிடவே இல்லை. ஒரகடம் தொழிற்பகுதியை அடுத்த மணிமங்கலத்தில் உயில் எழுதாமல் தந்தை இறந்துபோக, மூன்று மக்களில் மூத்தவர் பல்லாண்டுகளுக்கு முன்பே வடக்கே ஓர் ஆசிரமத்தில் சேர்ந்துவிட்டார் என்று கொள்வோம். இளையவர்கள் நிலத்தை விற்க முற்படும்போது வாரிசுச் சான்றிதழில் அவர் பெயரும் இருக்கும்; அவர் கையொப்பமின்றி வாங்குபவர் முன்பணம் தரத் தயங்குவார்; சடங்கு நடந்ததற்குச் சாட்சி சொல்ல வேண்டிய குருவோ மறைந்திருக்கலாம்.

இவ்விடத்தில் கத்தோலிக்கத் துறவற ஒழுங்கு தெளிவானது. திருச்சபைச் சட்டத்தின் 668ஆம் விதி, முதல் வார்த்தைப்பாட்டுக்கு முன்பே சொத்தின் நிருவாகத்தை வேறொருவரிடம் ஒப்படைக்கவும், இறுதி வார்த்தைப்பாட்டுக்கு முன் நாட்டுச் சட்டத்திலும் செல்லத்தக்க உயில் எழுதவும் பணிக்கிறது. துறவியின் ஊதியம் சபைக்கே உரியது என்பதும் அவ்விதியே. எனினும் அது சபைக்குள் மட்டுமே கட்டுப்படுத்தும்: அரசு உதவிபெறும் பள்ளிகளில் கற்பிக்கும் கன்னியர், குருக்கள் ஆகியோரின் ஊதியத்தில் வருமான வரி பிடிப்பது சரியே என்று சென்னை உயர் நீதிமன்றம் 2019இல் கூறியதை 2024இல் உச்ச நீதிமன்றமும் ஏற்றது.

ஆகவே இந்து மடங்களும் ஆசிரமங்களும் தீட்சைக்கு முன்பே விடுதலைப் பத்திரத்தையோ உயிலையோ எழுதிப் பதிவு செய்துவரும்படி கேட்க வேண்டும். தந்தை உயிரோடிருக்கையில் அவருடைய தனிச்சொத்தில் மகன் எழுதும் விடுதலை பொதுவாகச் செல்லாது என்பதால், அத்தகைய குடும்பங்களில் உயில் எழுத வேண்டியவர் தந்தையே.