கருட சேவை நாளில் பேசிய வாடகை

திருநெல்வேலி - திருச்செந்தூர் சாலையில் கடை வைத்திருப்பவர்களும் கட்டட உரிமையாளர்களும் கலந்துகொண்ட ஒரு கூட்டத்தில் அண்மையில் ஒரு பெரியவர் பேசினார். அவருக்கு நான்கைந்து கடைகள் வாடகைக்கு ஓடுகின்றன. "கூட்டம் வர்றது எங்க இடத்துக்கு. கூட்டம் கூடினா வாடகையும் கூடத்தான் செய்யணும்" என்றார். வாடகைக்கு இருப்பவர்களே பலர் தலையாட்டினார்கள். எனக்கு அந்தத் தலையாட்டல்தான் உறுத்தியது. வாடகையைப் புதுப்பிக்கும்போது கூட்டத்தை அளவுகோலாக வைத்துப் பேசும் இந்த வழக்கம் ஆழ்வார்திருநகரி போன்ற ஊருக்குப் பொருந்தாது என்பது என் நெடுநாள் கருத்து. அதை விளக்கமாகவே சொல்லிவிடுகிறேன்.

பெரியவர் பக்கம் இருக்கும் நியாயத்தை முதலில் ஒப்புக்கொள்கிறேன். ஊருக்குக் கூட்டம் கூடியிருப்பது உண்மை. நவதிருப்பதி சுற்ற வேன்களும் பேருந்துகளும் முன்பைவிட அதிகம் வருகின்றன. 2025 ஜூலை 7ஆம் தேதி குடமுழுக்கு நடந்த திருச்செந்தூருக்குப் போகிறவர்கள் வழியில் ஆதிநாதரையும் நம்மாழ்வாரையும் சேவித்துவிட்டுப் போகிறார்கள். ஆதிச்சநல்லூர் பார்க்க வருபவர்களும் சேர்ந்திருக்கிறார்கள். இந்தக் கூட்டத்தைக் கடைக்காரர் அழைத்து வரவில்லை. வாடகையை வருடக்கணக்கில் அப்படியே வைத்திருந்தால் உரிமையாளருக்கு நட்டம் என்பதும் சரி. வீட்டு வரி ஏறுகிறது, மராமத்துக் கூலி ஏறுகிறது. எல்லாம் சரிதான். கேள்வி எவ்வளவு ஏற்றுவது, எதைப் பார்த்து ஏற்றுவது என்பதில் இருக்கிறது.

என் சித்தப்பா மகன் சன்னதிக்குப் போகும் வழியில் கடை வைத்திருக்கிறான். பத்துக்குப் பன்னிரண்டு அடி. பூஜைச் சாமான், சாமி படம், சின்னப் பித்தளை விளக்கு, வாசலில் தண்ணீர் பாட்டிலும் பிஸ்கட்டும். வாடகை 6,000 ரூபாய். மூன்று வருடமாக ஏறவில்லை. முதலில் பதினொரு மாதத்துக்கு ஒரு ஒப்பந்தம் எழுதியிருந்தார்கள். அது முடிந்தபிறகு எல்லாம் வாய்ப்பேச்சுதான். போன வைகாசியில், ஒன்பது கருட சேவை நடக்கும் அன்று சாயங்காலம், தெருவில் நிற்க இடமில்லாத நேரத்தில் உரிமையாளர் கடைக்கு வந்தார். வெளியே கையைக் காட்டி, "பாத்தியா தம்பி, எவ்வளவு சனம்! அடுத்த மாசத்துல இருந்து பத்தாயிரம் போட்டுரு. அட்வான்ஸையும் ஒரு லட்சமாக்கிரு" என்றார்.

"அண்ணாச்சி, சனம் வருது. ஏவாரம் வரணும்லா" என்று இவன் சொன்னதை அவர் நம்பவில்லை. கூட்டம் கண்ணுக்குத் தெரிகிறது, கல்லா தெரியவில்லை. அவர் நம்பாததில் அவரைக் குறை சொல்ல முடியாது. கடைக்காரர்கள் எல்லோரும் எப்போதும் சொல்கிற பேச்சுதானே இது.

இவனிடம் ஒரு நல்ல பழக்கம் உண்டு. இரவு கல்லாவை எண்ணியதும் அன்றைய விற்பனையை ஒரு நீளநோட்டில் எழுதிவிடுவான். கூட்ட நாளானால் தேதிக்குப் பக்கத்தில் ஒரு சுழி. மறுநாள் அந்த நோட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். வைகாசித் திருவிழா, புரட்டாசிச் சனிக்கிழமைகள், மார்கழியில் பகற்பத்து இராப்பத்து, மாசித் திருவிழா என்று சுழி போட்ட நாட்கள் வருடத்துக்கு ஏறத்தாழ ஐம்பது. அந்த நாட்களில் சராசரி விற்பனை 9,000 ரூபாய். மற்றபடி கடை திறந்திருந்த 290 நாட்களில் சராசரி 1,800. மொத்தம் 9,72,000 ரூபாய். மூன்று வருடத்துக்கு முந்தைய நோட்டையும் எடுத்தோம். அப்போது சுழி நாளின் சராசரி 6,500, மற்ற நாளில் 1,700. மொத்தம் 8,18,000.

ஆக மூன்று வருடத்தில் கூடிய விற்பனை 1,54,000 ரூபாய். இந்தச் சரக்கில் நூற்றுக்கு இருபத்தைந்து நிற்கும் என்று வைத்தால், வருடத்துக்குக் கூடிய லாபம் 38,500. ஆனால் கூட்ட நாளில் ஒற்றை ஆளாகச் சமாளிக்க முடியாமல் ஒரு பையனை நாளுக்கு 500 ரூபாய்க்கு வைத்திருக்கிறான். ஐம்பது நாளுக்கு 25,000. மீதி 13,500. மாதத்துக்குப் பிரித்தால் 1,125 ரூபாய். "எவ்வளவு சனம்" என்று உரிமையாளர் கையைக் காட்டிய அந்தக் கூட்டம் இந்தக் கடைக்குள் கூடுதலாகக் கொண்டுவந்து வைத்தது மாதம் 1,125 ரூபாய். அவர் கேட்ட கூடுதல் வாடகை 4,000.

ஏன் இவ்வளவு வித்தியாசம்? ஒரு புரட்டாசிச் சனிக்கிழமை காலையில் கடை வாசலில் நின்று பார்த்தாலே புரியும். நவதிருப்பதி சுற்றுபவர்களுக்கு ஒரே நாளில் ஒன்பது கோயில். நண்பகலில் நடை சாத்துமுன் முடிந்தவரை பார்த்துவிட வேண்டும். வேன் ஓட்டுநர் "அரை மணி நேரம்தான்" என்று சொல்லித்தான் கதவைத் திறக்கிறார். இறங்குகிறவர்கள் ஓட்டமும் நடையுமாகக் கோயிலுக்குள் போகிறார்கள், உறங்காப்புளியைச் சுற்றுகிறார்கள், திரும்பி ஓடிவந்து ஏறுகிறார்கள். துளசி மாலையும் கற்பூரமும் பெரும்பாலும் முதலில் இறங்கிய ஊரிலேயே வாங்கியிருப்பார்கள். நான் நின்ற ஒரு சனிக்கிழமை, மதியத்துக்குள் கடையைக் கடந்து போனவர்கள் ஆயிரம் பேருக்குக் குறையாது. காசு கொடுத்து வாங்கியவர்கள் எழுபது பேர்கூட இல்லை. அவர்களிலும் பாதிப் பேர் வாங்கியது தண்ணீர் பாட்டில். பித்தளை விளக்கை எடுத்துப் பார்த்த ஒரு அம்மாவை வேனிலிருந்து ஹாரன் அடித்துக் கூப்பிட்டார்கள். விளக்கை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

கடையை வருடம் முழுக்கத் தாங்குவது சுழி போடாத அந்த 290 நாட்கள்தான். அந்த நாட்களில் வருகிறவர்கள் ஊர்க்காரர்கள். அவர்கள் எண்ணிக்கை கூடவில்லை. கூடிய விற்பனை நாளுக்கு நூறு ரூபாய், அதுவும் பெரும்பாலும் விலை ஏறியதால் வந்தது. ஐம்பது நாள் கூட்டத்தைப் பார்த்து நிர்ணயிக்கும் வாடகையை 365 நாளும் கொடுக்க வேண்டியிருக்கிறது. என் முதன்மையான மறுப்பு இதுதான். திருவிழா நடக்கும் மாதத்தில் ஒப்பந்தம் முடிகிற கடைகளில் இந்தத் தவறு ஒவ்வொரு முறையும் நடக்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது. கூட்டத்தோடு ஏறுகிற வாடகை கூட்டத்தோடு இறங்குவதில்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணியில் வந்த வெள்ளத்தை இந்தப் பகுதியில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலே நின்றுபோனது. தண்டவாளம் சரியாகும்வரை திருச்செந்தூருக்கு ரயில் இல்லை. மார்கழிக் கூட்டம் அந்த வருடம் வரவில்லை. என் தம்பி கடையில் படங்களெல்லாம் சேற்றில் ஊறிப்போயின. அந்த மாதத்துக்கும் 6,000 ரூபாய் முழுதாகக் கொடுத்தான். கூட்டம் உரிமையாளரின் சொத்து என்றால் கூட்டம் இல்லாத மாதத்தின் நட்டமும் அவருடையதாக இருக்க வேண்டுமே? அந்தப் பெரியவரிடம் இதைக் கேட்டேன். பதில் வரவில்லை.

பெருநகர மால்களைப் பார்த்து, "விற்பனையில் பங்கு என்று வைத்துக்கொள்ளலாமே" என்று சிலர் சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள். அங்கே நடப்பது குறைந்தபட்ச வாடகை அல்லது விற்பனையில் ஒரு விழுக்காடு, எது அதிகமோ அது. அடியில் ஒரு தரை கட்டப்பட்டிருப்பதால் அதுவும் இறங்காது. மால் நிர்வாகம் வண்டி நிறுத்த இடமும் விளம்பரமும் குளிர்சாதனமும் தருகிறது. இங்கே தருவது நான்கு சுவரும் ஒரு ஷட்டரும்.

சட்டம் காப்பாற்றும் என்றும் நம்பிவிட முடியாது. 1960ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்தபோது நியாய வாடகை நிர்ணயிக்கக் கேட்டு மனுப் போட முடிந்தது. அதை நீக்கிவிட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த 2017ஆம் ஆண்டுச் சட்டத்தில், இருவரும் எழுதிக்கொண்டதுதான் வாடகை. வாடகை எவ்வளவு என்பதில் இருவருக்கும் உடன்பாடு ஏற்படாமல் போவதே காலி செய்யக் கோர ஒரு காரணம். ஆனால் அதே சட்டத்தில் கடைக்காரருக்கு உதவும் இரண்டு விஷயங்கள் உண்டு. வேறுவிதமாக ஒப்புக்கொள்ளாதவரை, முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. வாடகையை மாற்றுவதானால் மூன்று மாதம் முன்பே எழுத்தில் சொல்ல வேண்டும். எழுத்தில் ஒப்பந்தம் வைத்திருப்பவருக்குத்தான் இதெல்லாம் உறுதியான பிடி. வாய்ப்பேச்சில் இருப்பவர் என்ன காட்டுவார்? கோயில் இடத்தில் கடை இருந்தால் கணக்கு வேறு. அங்கே அறநிலையத் துறைச் சட்டத்தின் 34-ஏ பிரிவுப்படி இணை ஆணையர், கோயில் நிர்வாகம், மாவட்டப் பதிவாளர் சேர்ந்த குழு மூன்று வருடத்துக்கு ஒருமுறை வாடகையை நிர்ணயிக்கிறது. சந்தை வாடகையைப் பார்த்துத்தான் அவர்களும் நிர்ணயிக்கிறார்கள். ஆனாலும் மூன்று வருடம் என்ற ஒரு நிலை அங்கே இருக்கிறது.

நாங்கள் நோட்டை எடுத்துக்கொண்டு உரிமையாளர் வீட்டுக்குப் போனோம். விற்பனைக் கணக்கைக் காட்டவே கூடாது, காட்டினால் இன்னும் கேட்பார்கள் என்று அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் பயமுறுத்தினார்கள். மறைத்துப் பேசும் இந்தப் பழக்கம்தான் கூட்டத்தை அளவுகோலாக்கியது என்று நான் நினைக்கிறேன். கல்லாவைப் பார்க்க வழியில்லாதவர் தெருவைத்தான் பார்ப்பார். உரிமையாளர் அரை மணி நேரம் நோட்டைப் புரட்டினார். சுழி போட்ட நாட்களை விரல்விட்டு எண்ணினார். பிறகு நாங்களே அவர் பக்கத்துக் கணக்கையும் சொன்னோம். வருடத்துக்கு ஐந்து விழுக்காடு ஏற்றியிருந்தால் 6,000 என்பது மூன்று வருடத்தில் 6,950 ஆகியிருக்கும், அது அவருக்கு வரவேண்டியதுதான் என்று. இவன் காலி செய்து, புது ஆள் வர மூன்று மாதம் பூட்டிக்கிடந்தால் பழைய வாடகையிலேயே 18,000 போகும் என்பதையும் சொன்னோம்.

7,500 ரூபாய்க்கு முடிந்தது. 7,000 என்று நிற்க வேண்டும் என்பது என் எண்ணம். பதினைந்து வருடப் பழக்கத்தைக் கெடுத்துக்கொள்ள என் தம்பிக்கு மனமில்லை. 1,125 கூடுதலாக வந்து 1,500 கூடுதலாகப் போகிறது என்பதால் கூட்டம் கூடிய பிறகு அவன் கைக்கு வருவது முன்பைவிடக் குறைவு. பதிலுக்குக் கிடைத்தவை மூன்று. வருட உயர்வு ஐந்து விழுக்காட்டுக்கு மேல் போகாது, முன்பணம் பழைய 50,000 அப்படியே நிற்கும், வெள்ளத்தாலோ அரசு உத்தரவாலோ கடை பதினைந்து நாளுக்கு மேல் மூடிக்கிடந்தால் அந்த மாதம் பாதி வாடகை. ஒப்பந்தத்தைப் பதிவு செய்தோம். காலம் மூன்று வருடம் என்று எழுதப் போனபோது நான் தடுத்து முப்பத்தெட்டு மாதம் என்று கேட்டேன். அவரும் ஒப்புக்கொண்டார். அடுத்த பேச்சு வைகாசியில் வராது, நோட்டில் விற்பனை மிகக் குறைந்த மாதமான ஆடியில் வரும்.