B என்பது எந்த B?

சாம்பிளிங் தேற்றத்தை ஒரு வரியில் எழுதிவிடலாம். B ஹெர்ட்ஸுக்கு மேல் எதுவுமே இல்லாத சிக்னலை, விநாடிக்கு 2B-ஐ விட அதிகமான சீரான மாதிரிகளாக எடுத்தால், அந்த மாதிரிகளிலிருந்து மூலச் சிக்னலை முழுமையாக மீட்கலாம். இதை எழுதும்போது பெரும்பாலான மாணவர்களின் கண் 2B மேலேயே நிற்கிறது. தேற்றத்தின் பாரம் முழுவதும் ‘எதுவுமே இல்லாத’ என்ற சொற்களில்தான் இருக்கிறது. B நாம் அளக்க விரும்பும் சிக்னலின் அகலம் அல்ல. ஏ.டி.சி.யின் உள்ளீட்டுக் கம்பியில் வந்து சேரும் அத்தனைக்குமான அகலம் அது: சிக்னல், இரைச்சல், பக்கத்து ஒயரிலிருந்து தாவிய மின்னழுத்தம் எல்லாவற்றுக்கும்.

இந்தத் தேற்றத்துக்குப் பல பெற்றோர். ஹாரி நைக்விஸ்ட் 1928இல் எழுதியது தந்தியைப் பற்றி. B அகலமுள்ள தடத்தில் விநாடிக்கு 2B துடிப்புகள் வரை ஒன்றோடொன்று குழம்பாமல் அனுப்பலாம் என்று காட்டினார். கணித நோக்கில் ஈ. டி. விட்டேக்கர் 1915இலேயே இதைத் தொட்டிருந்தார். 1933இல் ரஷ்யாவில் கோடெல்னிகோவும், 1949இல் கிளாட் ஷானனும் தகவல் தொடர்புக்கான வடிவில் இதை எழுதினார்கள். நால்வருடைய வாதமும் சிக்னலின் அகலம் ஓர் எல்லைக்குள் அடங்கியிருப்பதில்தான் நிற்கிறது. நடைமுறையில் அந்த நிபந்தனை எப்படி உடைகிறது என்பதை ஆய்வகத்தில் எல்லோரும் கையாளும் ஒரு சுற்றிலேயே பார்த்துவிடலாம்.

எல்எம்35 வெப்ப உணரி ஒரு டிகிரிக்கு 10 மில்லிவோல்ட் தரும். அறையின் வெப்பநிலை மெதுவாகத்தான் மாறும். விநாடிக்கு 10 மாதிரிகள் தாராளம் என்று தோன்றும். உணரியை ஒரு மீட்டர் ஒயரில் தொங்கவிட்டால், அருகிலுள்ள மின்கம்பியிலிருந்து 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம் அதில் ஏறிக்கொள்ளும். அதன் வீச்சு 20 மில்லிவோல்ட் என்று வைத்துக்கொள்வோம். நம் மின்தொகுப்பின் அதிர்வெண் மிகச் சரியாக 50இல் நிற்பதில்லை, 49.90 முதல் 50.05 வரை என்பதே விதிக்கப்பட்ட பட்டை. இப்போது அது 49.95இல் இருக்கிறது. n-ஆவது மாதிரியில் ரீங்காரத்தின் பங்கு இது:

```
cos(2π · 49.95 · n/10)
  = cos(2π · 5n − 2π · 0.05 · n/10)
  = cos(2π · 0.05 · n/10)
```

5n முழு எண் என்பதால் முழுச் சுற்றுகள் எல்லாம் மறைந்துவிட்டன. மிஞ்சியது 0.05 ஹெர்ட்ஸ், அதாவது 20 விநாடிக்கு ஒருமுறை ஏறி இறங்கும் அலை. திரையில் தெரிவது, அறை 20 விநாடிக்கு ஒருமுறை 2 டிகிரி சூடாகி 2 டிகிரி குளிர்வது போன்ற அழகான வளைவு. ஃபேன் காற்றின் விளைவு என்றோ ஹீட்டர் அணைந்து எரிவதாலென்றோ யாரும் நம்பிவிடுவார்கள். தொகுப்பு சரியாக 50க்கு வந்துவிட்டால் நிலை இன்னும் மோசம். அலை பூஜ்ய ஹெர்ட்ஸில் உறைந்து, கட்டத்தைப் பொறுத்து 2 டிகிரி வரைக்குமான நிலையான பிழையாக உட்கார்ந்துகொள்ளும். அதில் சந்தேகப்படுவதற்கு ஓர் அசைவுகூட இருக்காது.

இதுதான் அலியாசிங். எந்த அதிர்வெண் f-உம், fs-இன் முழு மடங்குகளில் தனக்கு மிக நெருங்கிய ஒன்றிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறதோ, அந்த இடைவெளியாகவே பதிவாகும். மேலே எழுதிய சமன்பாட்டின் கடுமையை இங்கே கவனிக்க வேண்டும். இரண்டு கொசைன்களும் ஏறக்குறைய ஒத்தவை அல்ல. மாதிரிக்கு மாதிரி ஒரே எண்கள். எந்த மென்பொருளாலும் இவற்றைப் பிரித்தறிய முடியாது. 20 விநாடி அலையை வடிகட்ட முனைந்தால், அறையின் உண்மையான மாற்றமும் அதோடு சேர்ந்து போகும்.

மாதிரிகளுக்குள் விடை இல்லை. மாதிரி வேகத்தை மாற்றினால் விடை கிடைக்கும். அதே ஏற்பாட்டை விநாடிக்கு 12 மாதிரிகளாக ஓட்டுங்கள். 49.95க்கு நெருங்கிய மடங்கு இப்போது 48. எனவே 20 விநாடி அலை மறைந்து 1.95 ஹெர்ட்ஸில் ஒரு வேகமான துடிப்பு தோன்றும். அறை உண்மையிலேயே 20 விநாடிக்கு ஒருமுறை சூடானால், fs என்னவானாலும் அது 20 விநாடியாகவே இருந்திருக்கும். fs-ஐ நகர்த்தும்போது தானும் நகரும் அதிர்வெண் போலி.

தீர்வு ஏ.டி.சி.க்கு முன்னால் வைக்கப்பட வேண்டும். 16 கிலோஓம் மின்தடையும் 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும் சேர்ந்த எளிய ஆர்.சி. வடிகட்டியின் வெட்டு அதிர்வெண் ஏறத்தாழ 1 ஹெர்ட்ஸ். 50 ஹெர்ட்ஸில் அது 50 மடங்கு குறைக்கும். 20 மில்லிவோல்ட் 0.4 ஆகும். 5 வோல்ட் அளவில் 10 பிட் ஏ.டி.சி.யின் ஒரு படியே 4.9 மில்லிவோல்ட் என்பதால் இது போதும். ஆனால் கெப்பாசிட்டர் மின்பகுப்பு வகையானால் அதன் கசிவு மின்னோட்டம் ஒரு மைக்ரோஆம்பியர் இருந்தாலும் 16 கிலோஓமில் 16 மில்லிவோல்ட் விழும். ரீங்காரத்தை விரட்டிவிட்டு 1.6 டிகிரி பிழையை வரவழைத்தது போலாகும்.

அதனால் நான் விரும்பும் வழி வேறு. விநாடிக்கு 1000 மாதிரிகள் எடுத்து, நூறு நூறாகச் சராசரி கண்டு, விநாடிக்கு 10 எண்களாக வெளியே கொடுப்பது. 100 மில்லிவிநாடியில் ரீங்காரத்தின் ஐந்து முழு அலைகள் அடங்குவதால் சராசரியில் அவை தம்மையே அழித்துக்கொள்ளும், 49.95இல்கூட ஆயிரத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. மாதிரிகள் டைமர் இன்டரப்ட்டில் சம இடைவெளியில் வர வேண்டும்; டிலே போட்டு ஓட்டும் நிரலில் 100 மில்லிவிநாடி என்பது வெறும் உத்தேசம். இன்னொன்று, 1000 ஹெர்ட்ஸுக்கு அருகில் வரும் இரைச்சல் இப்போதும் பூஜ்யத்துக்கு அருகிலேயே மடியும், ஆகவே ஆர்.சி. தேவைதான். ஆனால் வெட்டு அதிர்வெண்ணை 100 ஹெர்ட்ஸில் வைக்கலாம்; 1.6 கிலோஓமும் 1 மைக்ரோஃபாரட் செராமிக் கெப்பாசிட்டரும் போதும், மின்பகுப்பு வகையே வேண்டாம்.

அனலாக் வடிகட்டியின் சுமையைக் கணக்கீட்டுக்கு மாற்றும் இந்த உத்தி குறுந்தகட்டில் பெரிய அளவில் நடந்தது. அதன் 44,100 என்ற எண் வீடியோ நாடாவிலிருந்து வந்தது. ஆரம்பத்தில் டிஜிட்டல் ஒலியை வீடியோ ரெக்கார்டரில்தான் பதித்தார்கள். விநாடிக்கு 60 புலங்கள், புலத்துக்கு 245 வரிகள், வரிக்கு 3 மாதிரிகள். 50 புலங்களும் 294 வரிகளும் கொண்ட முறையிலும் பெருக்கம் அதே எண்ணையே தருகிறது. காதுக்கு 20,000 ஹெர்ட்ஸ் வரை வேண்டும், எல்லை 22,050. பதிவின்போது வடிகட்டி இந்தக் குறுகிய இடத்துக்குள் செங்குத்தாக இறங்க வேண்டும். இல்லாவிட்டால் 25,000 ஹெர்ட்ஸில் உள்ள ஒலி 19,100இல் வந்து நிற்கும். ஒலிக்கும்போதும் சிக்கல் இருக்கிறது: 20,000இன் நிழல் 24,100இல் தோன்றும். சோனியின் முதல் கருவி அங்கே செங்குத்தான அனலாக் வடிகட்டியை வைத்தது. ஃபிலிப்ஸ் மாதிரி வேகத்தை நான்கு மடங்காக்கி 176,400க்கு உயர்த்தி, செங்குத்தான வேலையை டிஜிட்டல் வடிகட்டியிடம் விட்டது. வெளியே மென்மையான அனலாக் வடிகட்டி போதுமானது.

மடிப்பை வேண்டுமென்றே பயன்படுத்தும் இடமும் உண்டு. ஏ.எம். ரேடியோவின் 455 கிலோஹெர்ட்ஸ் இடைநிலைச் சிக்னல் 450 முதல் 460 வரையே பரவியிருக்கிறது. அதை 140 கிலோஹெர்ட்ஸில் மாதிரியெடுத்தால், 420ஐக் கழித்து அது 30–40 கிலோஹெர்ட்ஸில் சிதையாமல் இறங்கும், கலப்பானே தேவையில்லை. B இங்கே 460 அல்ல, 10. ஆனால் முன்னால் நிற்கும் பட்டை வடிகட்டி 450–460க்கு வெளியே உள்ளதைத் தடுத்தே ஆக வேண்டும். 525 கிலோஹெர்ட்ஸில் ஏதாவது நுழைந்தால் அதுவும் 35இல்தான் விழும், 455இன் மேலேயே. ஏ.டி.சி.யின் மாதிரிப் பிடிப்புச் சுற்றும் 140க்கு அல்ல, 455 கிலோஹெர்ட்ஸுக்கு ஈடுகொடுக்க வேண்டும். கடிகாரத்தின் நடுக்கமும் அந்த 455இன் அலைநேரத்தோடுதான் ஒப்பிடப்படும்.