வெதுவெதுப்பான துணி எதுவரை காக்கும்?

திருவண்ணாமலையில் கேக் செய்து விற்கும் வீடுகளில் ஜாம் ரோல் பற்றிப் பேச்சு வந்தால், உடனே துணிக்குத்தான் போகும். சூடான ஸ்பாஞ்ச் தகட்டை, வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியில் கவிழ்த்து, துணியோடு சேர்த்துச் சுருட்டி ஆறவிட வேண்டும். ஆறியதும் பிரித்து, உள்ளே பூச்சு தடவி, மறுபடி சுருட்ட வேண்டும். அப்படிச் செய்தால் வெடிக்காது என்பது நம்பிக்கை. பேக்கரிக்காரர்களோ பெரும்பாலும் துணியைத் தொடுவதே இல்லை. கேக் ஜெல் போட்டு அடித்த மாவை டிரேயில் ஊற்றி வேகவைத்து, ஆறிய பின் காகிதத்தின் மேல் கவிழ்த்து, ஜாம் தடவி, காகிதத்தை இழுத்தபடியே உருட்டிவிடுகிறார்கள். கண்ணாடிப் பெட்டியில் நிற்கும் அந்த ரோல்கள் வெடிப்பதில்லை. அப்படியானால் துணி செய்யும் வேலைதான் என்ன?

முதலில் வெடிப்பின் கணக்கைப் பார்த்துவிடலாம். தகட்டைச் சுருட்டும்போது உள்பக்கம் அமுங்குகிறது, வெளிப்பக்கம் இழுபடுகிறது. முதல் சுற்றின் நடுவில் ஒன்றரை செ.மீ. ஆரமுள்ள வெற்றிடம் இருப்பதாகவும், தகட்டின் கனம் ஒன்றரை செ.மீ. என்றும் வைத்துக்கொண்டால், வெளிப்பரப்பு தகட்டின் நடுக்கோட்டைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக நீள வேண்டும். கனம் இரண்டரை செ.மீ. ஆனால் அந்த நீட்சி பாதியை நெருங்கிவிடும். முட்டை நுரையில் நின்ற எந்த ஸ்பாஞ்சும் அவ்வளவு நீளாது. வெளிச் சுற்றுகளில் வளைவு விரிவதால் இழுவிசை குறையும். அதனால்தான் விரிசல் பெரும்பாலும் முதல் சுற்றிலேயே விழுகிறது. ஓரத்திலிருந்து இரண்டு செ.மீ. தள்ளி, கத்தியால் பாதி ஆழம் கீறிவிட்டு அந்த இடத்தில் மடித்தால் முதல் மடிப்பு எளிதாவது இதனால்தான். துணியைவிட இந்தக் கீறல் அதிகம் உதவுகிறது என்பேன். ஆனால் சொல்லிக் கொடுப்பவர்கள் இதைச் சொல்வது குறைவு.

கனத்தைத் தீர்மானிப்பது தட்டு. 33-க்கு 23 செ.மீ. தட்டுக்கு மூன்று முட்டை, 75 கிராம் சர்க்கரை, 75 கிராம் மைதா என்பது பழகிய அளவு. இதற்கு ஏறத்தாழ ஒன்றரை செ.மீ. கனம் வரும். நம் வீட்டுச் சிறிய ஓ.டி.ஜி. அடுப்புகள் பலவற்றில் அந்தத் தட்டு உள்ளே போகாது. எனவே அதே மாவை 20 செ.மீ. சதுரத் தட்டில் ஊற்றுகிறார்கள். கனம் ஏறிவிடுகிறது, மேலே சொன்ன கணக்கும் உடைந்துவிடுகிறது. அப்புறம் எந்தத் துணியைப் போர்த்தி என்ன? சிறிய தட்டுத்தான் இருக்கிறது என்றால் மாவைப் பாதியாக்குவதுதான் வழி.

தட்டும் கனமும் சரியாக இருந்தால், அடுத்து நிற்பது வேகவைக்கும் நேரம். 200 டிகிரியில் எட்டு முதல் பத்து நிமிடம் போதும். விரலால் தொட்டால் பள்ளம் மெதுவாக மேலே எழ வேண்டும், நிறம் வெளிர் பொன்னாக இருக்க வேண்டும். ஓரம் சிவந்து, காகிதத்தை உரிக்கும்போது சலசலவென்று ஒலி கேட்டால், அந்த ஓரம் ஏற்கெனவே பிஸ்கட்டாகிவிட்டது என்று பொருள். நான்கு பக்கமும் அரை செ.மீ. வெட்டிக் கழித்துவிட்டுத்தான் சுருட்டத் தொடங்க வேண்டும். வெட்ட மனம் வராமல் சுருட்டினால், அந்தக் காய்ந்த விளிம்பில் விழும் பிளவு நடுப்பகுதி வரை ஓடும்.

துணியின் நியாயமான வேலை இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. அடுப்பிலிருந்து இறங்கிய தகட்டில் நீராவி நிறைந்திருக்கும், அதிலுள்ள ஸ்டார்ச்சும் இன்னும் இறுகியிருக்காது. ஆறஆற ஸ்டார்ச் விறைக்கும், ஈரம் வெளியேறும். முதல் ஓரிரு நிமிடங்களில் தகடு எப்படி வளைகிறதோ அந்த வளைவைப் பெருமளவுக்கு வைத்துக்கொள்ளும். ஈரத்துணி அந்த நேரத்தில் நீராவியைத் தப்பவிடாமல் பிடிக்கிறது. துணி வெதுவெதுப்பாக இருப்பதால் மேற்பரப்பு சட்டென்று குளிர்வதும் இல்லை. இது மெய்யான பலன்தான். சித்திரை வெயிலில் ஃபேன் ஓடும் அடுக்களையில் மூடாமல் வைத்த தகட்டின் ஓரம் சில நிமிடங்களிலேயே மொறமொறப்பாகிவிடும். அங்கே துணியின் அருமை தெரியும்.

எந்தத் துணி என்பதிலும் பிழை நடக்கிறது. டர்க்கி டவலின் நூல்சுருள்கள் ஸ்பாஞ்சில் பதிந்து, பிரிக்கும்போது தோலைப் பிய்த்துக்கொண்டு வரும். நல்ல துணி நம் வீட்டிலேயே இருக்கிறது: இட்லித் துணி. மெல்லிய பருத்தி, பலமுறை துவைத்தது, சோப்பு மணம் இல்லாதது. சுடுநீரில் நனைத்து, முறுக்கிப் பிழிந்தால் ஒரு சொட்டும் விழக்கூடாது. ஒட்டிக்கொண்டால் இட்லிக்குச் செய்வதைத்தான் செய்ய வேண்டும், பின்பக்கம் நீர் தெளித்து நிதானமாக இழுக்க வேண்டும்.

ஆனாலும் ஒட்டும். குறை இங்கேதான். தகட்டை நேரடியாகத் துணியில் கவிழ்த்தால், வெந்த மேல்தோல் துணிப் பக்கம் போய், ரோலின் வெளிப்புறமாகிவிடுகிறது. சுருட்டி மூடிய துணிக்குள் நீராவி வெளியேற வழியின்றி அந்தத் தோலை நனைக்கிறது. அரைமணி கழித்துப் பிரிக்கும்போது தோல் துணியோடு போய்விட்டு, ரோலின் மேல் வழுக்கைத் திட்டுகள் தெரியும். பொடித்த சர்க்கரை தூவினால் சரியாகும் என்பார்கள். கார்த்திகை மாத ஈரக் காற்றில் அந்தப் பொடி பாகாக உருகி இன்னும் ஒட்டும். மணல்மணலான சர்க்கரை கொஞ்சம் மேல். அதைவிட நல்ல வழி, தகட்டை இருமுறை திருப்பி, தோல் உள்ளே இருக்கும்படி சுருட்டுவது. ஒட்டிப் பிய்ந்தாலும் உள்ளே பூச்சு மறைத்துவிடும். அடிப்பக்கம் வெளியே வருவதால் ரோல் வழவழப்பாகவும் இருக்கும்.

பூச்சு விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் துணி வேண்டுமா வேண்டாமா என்பதை முடிவுசெய்வது அதுதான். எல்லாப் பூச்சுக்கும் துணியில் சுருட்டி ஆறவைக்கச் சொல்வதை நான் ஏற்கவில்லை. ஜாமுக்கு ஆறவைக்கவே தேவையில்லை. தகடு சூடாக இருக்கும்போதே, இளஞ்சூட்டில் நெகிழவைத்த ஜாமை நான்கு மேசைக்கரண்டி அளவு மெல்லிசாகப் பரப்பி, கடைசி விளிம்பில் இரண்டு செ.மீ. விட்டு, உடனே சுருட்டலாம். ஒரே சுருட்டல், பிரிப்பது இல்லை, விரிசலுக்கு வாய்ப்பு பாதியாகிறது. ஜாமின் சர்க்கரை ஈரத்தைப் பிடித்துவைத்து மறுநாள் வரை ஸ்பாஞ்சை மெத்தென்று வைக்கிறது. குளிர்ந்த கெட்டி ஜாமைக் கரண்டியால் இழுத்தால் மட்டும் தகட்டின் மேற்பரப்பு கிழியும்.

பட்டர் கிரீமுக்கு ஆற வேண்டும், மறுக்க முடியாது. ஆனால் “நன்றாக ஆறட்டும்” என்ற குறிப்பு, 20 டிகிரி குளிர் வீடுகளுக்கு எழுதப்பட்டது. அக்னி நட்சத்திரத்தில் இங்கே பகல் 40 டிகிரியை நெருங்கும். வெண்ணெய் 32 முதல் 35 டிகிரிக்குள் உருகிவிடும், அதற்கு முன்பே வழியத் தொடங்கும். அதாவது, முழுதும் ஆறிய ரோலே வெண்ணெய் உருகும் அளவைவிடச் சூடாக இருக்கிறது. எவ்வளவு நேரம் துணியில் வைத்தாலும் இந்த இடைவெளி குறையாது.

தெற்குத் தெருவில் கேக் ஆர்டர் எடுக்கும் ஒரு அக்கா வீட்டில் இதைக் கிட்டத்தில் பார்த்தேன். சுருட்டிய தகட்டைத் துணியோடு ஃபிரிட்ஜில் வைத்திருந்தார். எடுத்துப் பிரித்தபோது இரண்டாம் மடிப்பில் குறுக்கே ஒரு கோடு விழுந்தது. மெல்லத் தள்ளியதும் வாய் பிளந்தது. “துணி சரியாத்தான் இருந்துச்சு தம்பி, எங்க தப்புன்னு தெரியலையே” என்றார். தப்பு துணியில் இல்லை. ஃபிரிட்ஜின் குளிரில்தான் ஸ்டார்ச் மிக வேகமாக விறைக்கிறது. ரொட்டி அங்கே சீக்கிரம் பழசாவது அதனால்தான். வெயிலில் கிரீம் நிற்காது, குளிரில் தகடு வளையாது. இரண்டுக்கும் நடுவில் அவர் மாட்டிக்கொண்டார்.

இந்தச் சிக்கலுக்கு மாவிலேயே ஒரு தீர்வு உண்டு. ஃபிரிட்ஜிலும் இறுகாத எண்ணெயாகப் பார்த்து இரண்டு மேசைக்கரண்டி மாவில் மெதுவாகக் கலந்துவிட்டால், தகடு நெகிழ்வாகவே இருக்கும். அந்த ரோலைத் துணியோடு சுருட்டி, வெளியே ஆறவிட்டு, பிறகு சிறிது நேரம் மட்டும் குளிரூட்டி, அறைச் சூட்டுக்குக் கொஞ்சம் திரும்பியதும் பிரித்தால், கிரீம் உருகுவதற்கு முன் தடவி முடித்துவிடலாம். இங்கே துணி உண்மையாகவே உழைக்கிறது, ஏனென்றால் இரண்டாவது சுருட்டல் தவிர்க்க முடியாதது. முதல் வளைவு துணியில் பதிந்திராவிட்டால் கிரீம் பூசிய தகடு கையில் வளையாது. கடைகளில் இதே வெயிலைச் சமாளிக்க, உடல்சூட்டில்கூட எளிதில் இளகாத ஷார்ட்டனிங் கிரீமைப் போடுகிறார்கள். நிற்கிறது, ஆனால் அண்ணத்தில் மெழுகாக ஒட்டிக்கொள்ளும். அந்த விலை எனக்குக் கொஞ்சம் கூடுதல்.

முட்டையில்லாத ரோலுக்குத் துணி எந்த அளவு உதவும்? கோயிலுக்கு வருகிறவர்களுக்காகவும், பௌர்ணமி விரதத்தில் இருப்பவர்களுக்காகவும் முட்டையில்லாமல் கேட்பவர்கள் இவ்வூரில் குறைவில்லை. இங்கே துணி மிகக் குறைவாகத்தான் உதவுகிறது. தயிரும் சோடாவும், கண்டென்ஸ்டு மில்க்கும் தரும் ஸ்பாஞ்சில் இழுபடும் முட்டைப் புரதம் இல்லை. அது வெடிப்பதற்கு முன் உதிர்ந்துவிடும். நனைந்த துணியில் சுற்றி வைத்தால் பிசுபிசுத்து, பிரிக்கையில் பாதியாகப் பெயர்கிறது. அதற்கு மெல்லிய தகடாக, ஒரு செ.மீ.க்கு மிகாமல் ஊற்றி, சூட்டிலேயே ஜாம் தடவி, காகிதத்தோடு ஒருமுறைதான் சுருட்ட வேண்டும். சேர்ப்பு அடியில் இருக்கும்படி வைத்து, காகிதத்தின் இரு முனைகளையும் முறுக்கிக் கட்டி, ஒரு மணி நேரம் அசைக்காமல் விட்டு, ஈரமாக்கிய ரம்பக் கத்தியால் வெட்டலாம். அதில் பட்டர் கிரீம் கேட்கிறவர்களிடம் செவ்வகத் துண்டாகத் தருகிறேன் என்று சொல்லிவிடுவது நல்லது.