ஐந்து குரல், ஒரே வாய்

விளம்பரக்காரர்கள் நடுவே பிறந்த ஒரு கருத்து இப்போது இலக்கியக் கூட்டங்கள் வரை வந்துவிட்டது. இனி எழுத்தாளன் எழுத வேண்டியதில்லை, தேர்ந்தெடுத்தால் போதுமாம். ஒரு ஸ்கிரிப்டை இயந்திரத்திடம் கொடுத்து, நகைச்சுவையாக, உருக்கமாக, அதிகாரத் தொனியில், நட்பாக என்று நான்கைந்து வடிவம் வாங்கி, பிடித்ததை எடுத்துக் கை வைத்துத் திருத்தினால் வேலை முடிந்தது என்கிறார்கள். தேர்வும் திருத்தமும் எழுத்தின் பகுதிகள்தான் என்பதில் எனக்குச் சண்டை இல்லை. அந்த நான்கைந்தும் உண்மையிலேயே நான்கைந்துதானா என்று யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை என்பதுதான் சண்டை.

ஒரே சங்கதியைப் பல தொனியில் சொல்வது இயந்திரத்தோடு வந்த ஆசை அல்ல. பிரெஞ்சு எழுத்தாளர் ரெமோன் கெனோ 1947இல் ஒரு பேருந்துச் சம்பவத்தை 99 விதமாக எழுதிப் புத்தகமாக்கினார். 2016இல் 'சன்ஸ்பிரிங்' என்ற குறும்படம் வந்தது. அறிவியல் புனைவுத் திரைக்கதைகளைத் தின்ற ஒரு நிரல் எழுதிய வசனங்களை, பொருள் விளங்காமலே, நடிகர்கள் உயிரைக் கொடுத்துப் பேசினார்கள். அதில் தொனியைக் கொண்டுவந்தவர்கள் நடிகர்கள். அடுத்த ஓரிரு ஆண்டுகளில் கணினி மொழியியலாளர்கள் நடை மாற்றத்தைத் தனித் துறையாகவே வளர்த்தார்கள். முறைசார்ந்த வாக்கியத்தைப் பேச்சு வாக்கியமாக்குவது, புகழ்ச்சியை இகழ்ச்சியாக்குவது போன்ற பயிற்சிகள் அவை. விளைவை மூன்று அளவுகோலால் அளந்தார்கள்: நடை மாறியதா, மொழி சரளமாக இருக்கிறதா, பொருள் அப்படியே இருக்கிறதா. மூன்றாவதுதான் அடிக்கடி நழுவியது. 2020இல் ஜிபிடி-3, 2022 நவம்பரில் சாட்ஜிபிடி என்று வந்த பிறகு சரளம் ஒரு பிரச்சினையாகவே இல்லாமல் போனது. சரளம் வந்ததும் மூன்றாவது அளவுகோலைச் சௌகரியமாக மறந்துவிட்டோம்.

2023இல் ஹாலிவுட் எழுத்தாளர்கள் மே முதல் செப்டம்பர் வரை வேலைநிறுத்தம் செய்து பெற்ற ஒப்பந்தம் இயந்திரம் எழுதியதை இலக்கியப் படைப்பாக ஏற்கவில்லை. எழுத்தாளரை அதைப் பயன்படுத்தச் சொல்லிக் கட்டாயப்படுத்தவும் முடியாது என்றது. ஊதியத்துக்கும் உரிமைக்கும் அது நல்ல வேலி. ஆனால் தானே விரும்பி இயந்திரத்திடம் போகும் எழுத்தாளருக்கு என்ன நேர்கிறது என்பது அதன் கேள்வி அல்ல. அதற்கு ஓரளவு பதில் 2024இல் வெளிவந்த ஓர் ஆய்வில் இருக்கிறது. அனில் தோஷி, ஆலிவர் ஹவுசர் என்ற இருவர் ஏறக்குறைய 300 பேரைக் குட்டிக் கதை எழுத வைத்தார்கள். சிலருக்கு இயந்திர யோசனை எதுவும் இல்லை, சிலருக்கு ஒன்று, சிலருக்கு ஐந்து வரை. யோசனை பெற்றவர்களின் கதைகள் தனித்தனியே படிக்கையில் மேலானவை என்று மதிப்பிடப்பட்டன. மொத்தமாக அடுக்கிப் பார்த்தபோதோ அவை ஒன்றையொன்று அதிகம் ஒத்திருந்தன.

இது ஏன் என்பது விளங்காத மர்மம் அல்ல. இயந்திரம் ஒவ்வொரு சொல்லையும் அடுத்து வரக்கூடிய சொற்களின் நிகழ்தகவைக் கணக்கிட்டு எடுக்கிறது. 'டெம்பரேச்சர்' என்ற திருகைக் கூட்டினால் அரிதான சொற்களுக்கும் வாய்ப்புக் கிடைக்கும். மிகையாகக் கூட்டினால் வாக்கியம் உளறும். ஆனால் அதற்கு முன்பே ஒரு வடிகட்டல் நடந்துவிடுகிறது. மனித மதிப்பீட்டாளர்கள் விரும்பிய பதில்களை நோக்கி மாதிரியைப் பழக்கும்போது, பலருக்கும் பிடித்த பாணி பக்கம் அது ஒடுங்குகிறது. திருகு சொற்களை அசைக்கும். எதை முதலில் சொல்வது, எங்கே நிறுத்துவது என்ற எலும்புக்கூட்டை அநேகமாக அசைக்காது.

ஒரு வேலையை எடுத்துக்கொண்டு பார்ப்போம். டெங்கு பற்றி அரை நிமிட வானொலி ஸ்கிரிப்ட், சுமார் 50 சொல். சொல்ல வேண்டியவை நான்கே நான்கு. ஏடிஸ் கொசு நல்ல தண்ணீரில் பெருகுகிறது, பகலில் கடிக்கிறது. முட்டையைத் தண்ணீருக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டி வைக்கிறது. அந்த முட்டை காய்ந்தாலும் மாதக்கணக்கில் பிழைத்திருந்து, தண்ணீர் ஏறியதும் பொரிக்கும். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் ஆகும்; ஆகவே வாரம் ஒருமுறை தண்ணீரைக் கொட்ட வேண்டும். முட்டை சுவரில் ஒட்டியிருப்பதால் கொட்டினால் மட்டும் போதாது, உட்பக்கத்தைத் தேய்க்கவும் வேண்டும்.

இதைக் கொடுத்து, நான்கு தொனியில் தா என்று கேட்டால் வருவதை யாரும் ஊகிக்கலாம். நட்புத் தொனி "ஹாய் நண்பர்களே" என்று கை ஆட்டும். நகைச்சுவையில் கொசுவே பேசும். உருக்கத்தில் காய்ச்சலில் கிடக்கும் ஒரு குழந்தை. அதிகாரத் தொனி "பொதுமக்கள் கவனத்திற்கு". சோதனை எளிது: நான்கிலும் விளிப்பை வெட்டுங்கள், ஆச்சரியக்குறியை நீக்குங்கள், வினைமுற்றைச் சமப்படுத்துங்கள். பிறகு ஒவ்வொன்றிலும் தகவல் எந்த வரிசையில் வருகிறது என்று ஓரத்தில் எண் போடுங்கள். நான்கிலும் அதே வரிசை இருந்தால் உங்கள் கையில் இருப்பது ஒரே பிரதி, நான்கு சட்டை.

அதைவிட மோசமானது, சட்டை மாற்றும்போது பையில் இருந்தது விழுந்துவிடுவது. கொசு பேசும் பிரதியில் சாக்கடை வந்து சேரும், ஏனென்றால் கொசு நகைச்சுவை என்றாலே சாக்கடைதான். ஏடிஸுக்கோ சாக்கடை பிடிக்காது. உருக்கமான பிரதியில் தாய் இரவில் கொசுவலை கட்டுவாள். பகலில் கடிப்பது காணாமல் போகும். எல்லாவற்றிலும் முதலில் தொலைவது 'தேய்க்க வேண்டும்' என்பது. தண்ணீரைக் கொட்டுங்கள் என்பது எல்லோரும் எழுதிய வரி, ஆகவே நிகழ்தகவு மிக்க வரி. தேய்ப்பது அரிய வரி. தொனியைக் கூட்டக் கூட்ட அரியவைதான் முதலில் உதிரும். திருத்துகிறவர் முதலில் செய்ய வேண்டியது நடையைத் தொடுவது அல்ல, நான்கு தகவலும் இருக்கின்றனவா என்று ஒவ்வொரு பிரதியிலும் குறித்துப் பார்ப்பது.

தமிழில் இன்னொரு தொல்லை. நம் எழுத்துக்கும் பேச்சுக்கும் உள்ள தூரம் உலகறிந்தது. இயந்திரம் படித்திருப்பது பெரும்பாலும் எழுத்துத் தமிழ். பேச்சு நடையில் கேட்டால் அது வினைமுற்றில் மட்டும் பேசுகிறது: "அக்கா, உங்க வீட்டுல இருக்குற நீர்க் கொள்கலன்களை வாரம் ஒருமுறை சுத்தம் பண்ணுங்க. டெங்கு கொசு அங்கதான் இனப்பெருக்கம் செய்யுது." எந்த அக்காவிடம் யார் இப்படிப் பேசுவார்? கொள்கலன் என்பது ஆட்சியர் அலுவலகச் சுற்றறிக்கையில் வாழும் பொருள். வீட்டில் இருப்பது டிரம், குடம், தொட்டி, ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டு, மாடியில் கிடக்கும் டயர்.

இங்கே நாம் மறந்துவிட்ட ஒரு கூட்டத்தைச் சொல்ல வேண்டும். நம் விமர்சகர்கள் 'பராசக்தி' வசனத்தைப் பற்றியும் ஸ்ரீதர் வசனத்தைப் பற்றியும் பக்கம் பக்கமாக எழுதினார்கள். வானொலியின் பண்ணை ஒலிபரப்புக்கு எழுதிய பெயரில்லா எழுத்தாளர்களைப் பற்றி ஒரு பத்தி எழுதியவர்கள் அரிது. வானொலி கேட்டு உழவர்கள் விதைத்த ஆடுதுறை-27 என்ற நெல் ரகத்துக்குத் தஞ்சைப் பகுதியில் 'ரேடியோ நெல்' என்றே பெயர் விழுந்தது. அந்தப் பெயரை விடப் பெரிய இலக்கியப் பரிசு எதுவும் எனக்குத் தெரியவில்லை. யார் யாரிடம் பேசுகிறார்கள் என்பதைத் தீர்மானிக்காமல் வானொலி உரையாடல் எழுத முடியாது. உறவு உறுதியானால் தொனி தானே வந்துவிடும்.

அந்தப் பாடத்தை இயந்திரத்திடமும் பயன்படுத்தலாம். பெயரடை கொடுக்காமல் சூழலைக் கொடுங்கள். மாடியில் துணி காயப்போடுகிறவள் கீழ்வீட்டு அக்காவிடம் பேசுகிறாள். நகராட்சிக் களப்பணியாளர் டார்ச் அடித்து டிரம்மைப் பார்த்துவிட்டுச் சொல்கிறார். பள்ளியில் கேட்டுவந்த சிறுமி பாட்டியிடம் சொல்கிறாள். நான்கு தகவலையும் மாற்றக்கூடாதவை என்று குறித்து, ஒவ்வொன்றிலும் முதலில் எது வர வேண்டும் என்பதையும் நீங்களே சொல்லிவிடுங்கள். ஒரே கேள்வியில் எல்லாவற்றையும் கேட்டால் இயந்திரம் ஒன்றிலிருந்து மற்றொன்றை வேறுபடுத்திக் காட்ட முனைந்து கேலிச்சித்திரம் போடும். தனித்தனியாக அதே கேள்வியைக் கேட்டாலோ சொன்னதையே சொல்லும். சூழலையும் வரிசையையும் மாற்றித் தனித்தனியாகக் கேட்பதே வேறுபாட்டுக்கு வழி. இதற்கெல்லாம் முன்னால் உங்கள் சொந்தப் பிரதி ஒன்றை, எவ்வளவு வறட்டுத்தனமாக இருந்தாலும், எழுதி வைத்திருக்க வேண்டும். ஐந்து சரளமான பிரதிகளைப் படித்த பிறகு சொந்தமாக எழுத உட்கார்ந்தால் ஆறாவது சரளம்தான் வரும்.

தேர்வில் பலரும் செய்வது ஒட்டுப்போடுவது: இதிலிருந்து ஒரு தொடக்கம், அதிலிருந்து ஒரு முடிவு. கேட்கும் காது அதை உடனே பிடித்துவிடும். அக்காவிடம் பேசிக்கொண்டிருந்த குரல் திடீரென்று ஊர்க்கூட்டத்தைப் பார்த்துப் பேசும். முழுப் பிரதி ஒன்றை எடுத்து மற்றவற்றைத் தூக்கி எறிவதே நேர்மை. மற்றவற்றிலிருந்து ஒரு சொல் தேறினால் எடுத்துக்கொள்ளலாம், வாக்கியம் வேண்டாம்.

மேலே சொன்ன அக்கா பிரதியையே கையில் எடுத்துத் திருத்துவோம். இத்தகைய பிரதிகளின் கடைசியில் வழக்கமாக ஒட்டிக்கொள்ளும் "நம் குடும்பத்தைக் காப்போம்" இருந்தால் போகட்டும். மறந்துபோகும் தகவலை முன்னால் கொண்டுவந்தால் இப்படி ஆகும்: "அக்கா, டிரம்முத் தண்ணியக் கொட்டிட்டீங்க, சரி. உள்ளாற தேச்சீங்களா? கொசு முட்டை தண்ணியில இருக்காதுக்கா, மேல விளிம்போரமா சுவத்துல ஒட்டிக்கிட்டு இருக்கும். காஞ்சாலும் சாவாது. திரும்பத் தண்ணி ஏறினா பொரிச்சிரும். ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை பிரஷ் போட்டுத் தேய்ங்க. இது பகல்ல கடிக்கிற கொசு, ராத்திரி வலை கட்டிட்டா ஆச்சுன்னு இருந்துறாதீங்க." இயந்திரம் கொடுத்த வரிகளிலிருந்து இங்கே மிஞ்சியது 'அக்கா' என்ற விளிப்பு மட்டும். கண்டிப்பும் கரிசனமும் 'தேச்சீங்களா' என்ற கேள்வியிலேயே இருக்கின்றன; தொனிக்கென்று தனியாக ஒரு சொல்லும் சேர்க்கவில்லை. நல்ல தண்ணீர் என்பதை விட்டுவிட்டேன். டிரம் என்றாலே புழங்கும் தண்ணீர்தான்.

பிறகு கடிகாரம் வைத்து வாய்விட்டுப் படிக்க வேண்டும். மூச்சு முட்டும் இடத்தில் வெட்ட வேண்டும். குழாயடியில் இரண்டு மூன்று பேருக்குப் போட்டுக்காட்டி, பிடித்ததா என்று கேட்காமல், என்ன செய்யச் சொன்னார்கள் என்று கேட்க வேண்டும். "தண்ணிய மூடி வைக்கச் சொன்னாங்க" என்று பதில் வந்தால் எவ்வளவு அழகான பிரதியானாலும் தோற்றது. "தேய்க்கணுமாம்" என்று வந்தால் நின்றது. இந்தச் சோதனைக்குத்தான் பல வடிவங்கள் உண்மையில் உதவும். ஒன்று தோற்றால் வேறு உறவில் அமைந்த மற்றொன்றை அன்றைக்கே போட்டுப் பார்க்கலாம். முன்பு அதற்கு ஒரு வாரம் ஆகியிருக்கும். அந்த வசதியை நான் மறுக்கவில்லை.

வட்டாரம் என்று வரும்போது அந்த வசதியும் நின்றுவிடுகிறது. நாகர்கோவிலுக்கு ஒரு பிரதி, வேலூருக்கு ஒரு பிரதி என்று கேட்டால் இயந்திரம் சினிமாவில் கேட்ட நாலு சொல்லைத் தூவித் தரும். தேங்காய் ஓட்டிலும் இந்தக் கொசு முட்டையிடும். அதை ஓரிடத்தில் சிரட்டை என்பார்கள், ஓரிடத்தில் கொட்டாங்குச்சி என்பார்கள். அதைப் பட்டியல் கொடுத்து மாற்றிவிடலாம். வாக்கியம் எங்கே இழுபடும், மரியாதை எந்த அசையில் ஏறும் என்பதற்குப் பட்டியல் இல்லை. அந்த ஊரில் வளர்ந்த ஒருவரிடம் நான்கு தகவலை மட்டும் கொடுத்து, பிரதிகள் எதையும் காட்டாமல், ரெக்கார்டரை ஓடவிட்டு அவர் வாயால் சொல்லச் சொல்லி எடுத்து எழுதிக்கொள்வதுதான் முறை. அவருக்கும் அந்தப் பணிக்கு ஊதியம் தர வேண்டும்.