பூஜ்யம் தரும் சோதனை

பி.டி.சி. தாளை நாக்கில் வைத்ததும் சிலர் முகம் சுளிப்பார்கள்; சிலர் வெறும் காகிதம்தான் என்பார்கள். 1931-இல் வேதியியலர் ஆர்தர் ஃபாக்ஸ் வெளியிட்ட இந்த வேறுபாடு, மரபியல் வகுப்புகளில் ஹார்டி–வெயின்பெர்க் சமநிலையைச் ‘சோதிக்கும்’ பயிற்சியாக நிலைத்துவிட்டது. பயிற்சி மாணவர்களுக்குப் பிடிக்கிறது, அதில் கற்கவும் விஷயம் இருக்கிறது. ஆனால் வழக்கமாகச் செய்யப்படும் வடிவில் அது எதையும் சோதிப்பதில்லை.

50 பேர் வகுப்பில் 18 பேருக்குக் கசப்பு தெரியவில்லை என்று வைத்துக்கொள்வோம். அவர்கள் tt ஜீனாக்கம் கொண்டவர்கள் என்று கொண்டு, q² = 18/50 = 0.36 என்றும், q = 0.6, p = 0.4 என்றும் கணக்கிடுகிறோம். எதிர்பார்ப்பு: TT 8 பேர், Tt 24 பேர், tt 18 பேர். முதல் இரண்டையும் கூட்டினால் சுவை அறிபவர்கள் 32. வகுப்பில் எண்ணியதும் 32. கை வர்க்க மதிப்பு பூஜ்யம். ‘சமநிலை உறுதியானது’ என்று குறிப்பேட்டில் எழுதுகிறோம்.

18-க்குப் பதில் 5 பேர் என்றாலும், 40 பேர் என்றாலும் விடை பூஜ்யம்தான். சமநிலை இருக்கிறது என்று நம்பித்தான் வர்க்கமூலம் எடுத்தோம். அதே நம்பிக்கையைத் திரும்ப வர்க்கமாக்கி, பொருந்துகிறது என்கிறோம். கண்ணுக்குத் தெரியும் வகைகள் இரண்டு. மொத்த எண்ணிக்கைக்கு ஒன்றும் q-வைக் கணிக்க ஒன்றும் கழித்தால், சோதிப்பதற்குத் தகவலே மிஞ்சவில்லை. அந்த 32 பேரில் TT யார், Tt யார் என்பது தெரியாதவரை, 8, 24 என்ற எண்கள் கணக்கின் விளைவுகளே தவிர கண்டறிந்தவை அல்ல. சமநிலை உண்டு என்று கொண்டால் அல்லீல் விகிதம் இவ்வளவு இருக்கும் என்ற மதிப்பீடாகவே இதை வகுப்பில் சொல்ல வேண்டும். அந்த அளவில் இது நல்ல பாடம்.

மூன்று ஜீனாக்கங்களையும் தனித்தனியே எண்ண முடிந்தால் நிலைமை மாறும். TAS2R38 என்னும் சுவை ஏற்பி மரபணு 2003-இல் அடையாளம் காணப்பட்டபின், பி.சி.ஆர். வசதி உள்ள கல்லூரிகளில் இது முடிகிறது. அதே 50 பேரில் TT 14, Tt 18, tt 18 என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். இப்போது p = (28 + 18)/100 = 0.46, எதிர்பார்ப்பு 10.6, 24.8, 14.6. கை வர்க்க மதிப்பு 3.79. எல்லை 3.84 என்பதால், விலகல் நிரூபணமாகவில்லை. Tt எதிர்பார்த்ததைவிட நான்கில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்திருந்தும் சோதனை அதைப் பிடிக்கவில்லை.

இந்தச் சோதனையின் பலவீனம் இங்கேதான். Tt குறைவின் பின்னத்தை F என்றால், மூன்று வகைகளில் கை வர்க்க மதிப்பு NF². அத்தை மகன், மாமன் மகள் மணத்தில் பிறந்தவர்களுக்கு F = 1/16. நம் ஊர்களில் அந்நிய உறவல்ல இது. வகுப்பில் அத்தனை பேரும் அப்படிப் பிறந்தவர்களே என்றாலும், 50 பேரில் NF² வெறும் 0.2. அது 3.84-ஐத் தொட ஏறத்தாழ 983 பேர் வேண்டும்; அப்போதும் கண்டுபிடிக்கும் வாய்ப்பு பாதிக்குப் பாதிதான். உறவுமுறை மணம் இருந்தும் வகுப்பு ‘சமநிலையில்’ இருப்பதாக முடிவு வந்தால், அது ஆதாரமாகாது.

ஆய்வகம் இல்லாத பள்ளிக்கு வழி உண்டு. பெரிதும் மறக்கப்பட்ட அந்த வழியைத்தான் நான் பரிந்துரைப்பேன். 1932-இல் லாரன்ஸ் ஸ்னைடர் அமெரிக்காவில் 800 குடும்பங்களைச் சோதித்தார். பெற்றோர் 1,600 பேரில் சுவை அறியாதவர் 461 பேர்; q = 0.537. சமநிலையும் ஒடுங்கு மரபும் உண்மையென்றால், ஒருவர் மட்டும் சுவை அறியாத பெற்றோரின் பிள்ளைகளில் q/(1+q), அதாவது 34.9 சதவீதம் சுவை அறியாதவராக இருக்க வேண்டும். இருவரும் சுவை அறிந்தால் அதன் வர்க்கம், 12.2 சதவீதம். அவர் கண்டது 761 பிள்ளைகளில் 278 (36.5 சதவீதம்), 1,059-இல் 130 (12.3 சதவீதம்). பெற்றோரிடம் எடுத்த q-வைப் பிள்ளைகளிடம் சோதிப்பதால் இங்கே தோற்கவும் இடமிருக்கிறது. இரு பெற்றோரும் சுவை அறியாத வீடுகளில் 223 பிள்ளைகளில் 5 பேர் சுவை அறிந்தார்கள். எளிய ஒடுங்கு மரபின்படி அங்கே ஒருவர்கூட இருக்கக் கூடாது. கசப்பை மங்கலாக உணர்பவரை ஒரு தாளை வைத்துத் தவறாக வகைப்படுத்துவது எளிது. இந்தப் பண்பை ஒரே மரபணு முழுதாகத் தீர்மானிப்பதுமில்லை. எனவே தாளை வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் ஆசிரியர், முதலில் பெற்றோர் இருவருமே ‘வெறும் காகிதம்’ என்ற வீடுகளைத் தனியே பிரித்து, அங்குள்ள பிள்ளைகளை மறுமுறை சோதிக்க வேண்டும். வகைப்படுத்தலில் பிழை எவ்வளவு என்பது அங்கேதான் தெரியவரும்.