கொட்டான் விற்க: பெரிய சந்தையா, சொந்தத் தளமா?

செட்டிநாட்டுப் பனையோலைக் கொட்டானை வைத்துக்கொண்டு இரண்டு வழிகளையும் சோதித்துப் பார்த்தேன். ஒன்று, நாடு முழுக்க ஆள் வந்துபோகும் பெரிய ஆன்லைன் சந்தையில் ஒரு விற்பனையாளர் கணக்கு. இன்னொன்று, வேர்ட்பிரஸ்ஸில் வூகாமர்ஸ் போட்டுக் கட்டிய சொந்தத் தளம். எதில் கமிஷன் குறைவு என்பதுதான் எல்லோரும் முதலில் கேட்கும் கேள்வி. கொட்டான் விஷயத்தில் அதற்கு முன்னால் கேட்க வேண்டியது, எந்த அளவு அட்டைப்பெட்டியில் அனுப்பப் போகிறோம் என்பது.

கூரியர்காரர்கள் எடையை மட்டும் பார்ப்பதில்லை. பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுக்கிறார்கள். அப்படி வரும் எண், உண்மையான எடை இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம். மூடி போட்ட நடுத்தரக் கொட்டான் கால் கிலோகூட இருக்காது. அது நசுங்காமல் போக 25×25×20 பெட்டி வேண்டும். கணக்கு போட்டால் 2.5 கிலோ. முதல் அரை கிலோவுக்கு 60 ரூபாய், அடுத்த ஒவ்வொரு அரை கிலோவுக்கும் 40 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், அனுப்ப 220 ரூபாய்.

இப்போது 600 ரூபாய்க்கு ஒரு கொட்டானைச் சந்தையில் விற்போம். கமிஷன் பொருளின் வகைக்கேற்ப மாறும், அவ்வப்போது திருத்தவும் செய்வார்கள். எனவே இந்த எண்களை மாதிரியாக எடுத்துக்கொண்டு உங்கள் வகைக்கான விகிதத்தைப் போட்டுப் பாருங்கள். கமிஷன் 12 சதவீதம் என்றால் 72 ரூபாய். ஆர்டருக்கு ஒரு நிலையான கட்டணம் 30. கூரியர் 220. இந்த 322 ரூபாய்க்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி சேர்ந்தால் 380. மீதி 220 ரூபாயில் ஓலை, சாயம் 80, பெட்டி 30 போக, முடைந்தவர் கைக்கு வருவது 110. ஒரு கொட்டானுக்குப் பின்னால் இருக்கும் உழைப்புக்கு இது அநியாயமான கூலி.

அதே பெட்டியில் ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் மூன்று கொட்டான்களைச் செட்டாக 1500 ரூபாய்க்கு வையுங்கள். கமிஷன் 180 ஆகிறது. நிலையான கட்டணமும் கூரியரும் மாறவில்லை. ஜிஎஸ்டியோடு பிடித்தம் 507. பொருட்செலவு 270 போக 723 மிஞ்சும், ஒரு கொட்டானுக்கு 241. விலையைத் தனித்தனியாக விற்பதைவிடக் குறைத்தும் கூலி இரண்டு மடங்குக்கு மேல் போய்விட்டது. சந்தையில் தொடங்குகிறவர் தனிக் கொட்டானைப் பட்டியலிலேயே போடக்கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

சந்தையில் பொருளை ஏற்றும்போது முதல் தடை பார்கோடு எண். கையால் செய்த பொருளுக்கு அது இருக்காது. அமேசான் போன்ற இடங்களில் `GTIN exemption` என்று விலக்குக் கேட்டு விண்ணப்பிக்கலாம். அதற்காக யாரிடமோ எண்ணை விலைக்கு வாங்கிப் போட வேண்டாம். அடுத்தது படம். முதல் படம் வெள்ளைப் பின்னணியில் இருக்க வேண்டும் என்பார்கள். வெள்ளையில் தனியாக நிற்கும் கொட்டான் எவ்வளவு பெரியது என்று யாருக்கும் தெரியாது. ‘நினைத்ததைவிடச் சின்னது’ என்ற காரணத்தோடு பொருள் திரும்பி வந்தால் தவறு முடைந்தவர் மேல் இல்லை, படத்தின் மேல். இரண்டாவது படத்தில் ஒரு கை இருக்கட்டும். தலைப்பிலேயே உயரம், விட்டம் சென்டிமீட்டரில் வரட்டும். சாயம் கட்டுக்குக் கட்டு கொஞ்சம் மாறும் என்பதையும் எழுதி, அந்த வேறுபாட்டைப் படத்தில் காட்டிவிடுங்கள்.

வரி விஷயத்தில் ஒரு எல்லை உண்டு. 2023 அக்டோபர் 1 முதல், வரம்புக்குள் விற்கும் சிறு விற்பனையாளர்கள் ஜிஎஸ்டி பதிவு இல்லாமலே ஆன்லைன் சந்தையில் விற்கலாம். அதற்குத் தனியாக ஒரு சேர்க்கை எண் வாங்க வேண்டும், விற்பனையும் சொந்த மாநிலத்துக்குள்தான். கோயம்புத்தூருக்கு அனுப்பலாம், பெங்களூருக்கு முடியாது. நாடு முழுக்க வாடிக்கையாளர் வேண்டுமென்று சந்தைக்குப் போகிறவர் பதிவு எடுத்துத்தான் ஆக வேண்டும். கணக்கைத் திறப்பதற்கு முன்பே ஒரு ஆடிட்டரிடம் இதைப் பேசிவிடுவது நல்லது.

சொந்தத் தளத்தில் அதே செட்டை விற்றால் கமிஷன் கிடையாது. பணம் வாங்கித் தரும் கேட்வே 2 சதவீதமும் அதன் மேல் ஜிஎஸ்டியும் எடுத்தால் 35 ரூபாய். கூரியர் வரியோடு 260, பொருட்செலவு 270. மிச்சம் 935. சந்தையைவிட 212 ரூபாய் அதிகம். ஷாப்பிஃபையில் கட்டினால் இதில் கொஞ்சம் குறையும். அவர்களுடைய சொந்தப் பணச் சேவை இந்தியாவில் இல்லாததால், பேசிக் திட்டத்தில் வெளி கேட்வேக்காக அவர்களே தனியாக 2 சதவீதம் எடுப்பார்கள். வூகாமர்ஸில் அந்தச் செலவு இல்லை, ஆனால் அப்டேட், பேக்கப் எல்லாம் உங்கள் தலையில். ஹோஸ்டிங், டொமைன், பராமரிப்பு எல்லாம் சேர்த்து மாதம் 1500 ரூபாய் என்றால், எட்டாவது செட் விற்ற பிறகுதான் சொந்தத் தளம் சந்தையை முந்தும்.

அந்த எட்டுப் பேர் எங்கிருந்து வருவார்கள்? விளம்பரம் கொடுத்து வரவழைக்கலாம் என்று தோன்றும். ஒரு கிளிக் 5 ரூபாய், ஐம்பது பேர் பார்த்தால் ஒருவர் வாங்குகிறார் என்று கொள்ளுங்கள். ஒரு விற்பனைக்கு விளம்பரம் மட்டும் 250 ரூபாய். கமிஷன் மிச்சப்படுத்திய 212-ஐ அது தின்றுவிட்டு மேலே 38 ரூபாயும் கேட்கும். விளம்பரத்தை நம்பிச் சொந்தத் தளம் தொடங்குகிறவர்கள் சில மாதங்களில் கைவிடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். ஆர்டர் வரும், பணமும் வரும், மிச்சம் மட்டும் இருக்காது. தளம் இயங்கத் தொடங்கியதும் விளம்பரச் செலவை வந்த ஆர்டர்களால் வகுத்துப் பாருங்கள். அந்த எண் 212-ஐத் தொட்டால் விளம்பரத்தை நிறுத்திவிட வேண்டும்.

காசு கொடுக்காமல் வருகிறவர்களுக்குத்தான் சொந்தத் தளம் லாபம். கல்யாணத் தாம்பூலத்துக்கு முன்பு வாங்கியவர், அவர் சொல்லி வந்த சொந்தக்காரர், கண்காட்சியில் நம்பர் வாங்கிப் போனவர். சிக்கல் என்னவென்றால், சந்தையில் வாங்கியவரை இந்தப் பட்டியலில் சேர்க்க முடியாது. பொதுவாக அவருடைய மின்னஞ்சல் உங்கள் கைக்கு வராது. பெட்டிக்குள் ‘அடுத்த முறை எங்கள் தளத்தில் வாங்குங்கள்’ என்று சீட்டு வைத்தால் விதிமீறல், கணக்கையே முடக்கக்கூடும். அங்கே எத்தனை பேர் வாங்கினாலும் அவர்கள் சந்தையின் வாடிக்கையாளர்களாகவே இருப்பார்கள்.

எனவே என் முடிவு, ஏற்கெனவே வாட்ஸ்அப்பில் கேட்டு வாங்கும் ஆட்கள் எத்தனை பேர் என்பதைப் பொறுத்தது. மாதம் எட்டு செட் அப்படிப் போகிறதென்றால் தளம் கட்டலாம். கட்டும்போது கேஷ் ஆன் டெலிவரியை மூடி வையுங்கள். வாங்காமல் திருப்பி அனுப்பும் ஒரு பெட்டிக்குப் போகவும் வரவும் இரண்டு முறை கூரியர் கட்டணம் விழும், அது இரண்டு செட்டின் கூடுதல் லாபத்துக்கும் மேல். அப்படி ஆட்கள் இல்லையென்றால் சந்தையில் மூன்று கொட்டான் செட்டோடு தொடங்குங்கள், கூடவே கண்காட்சிகளில் நம்பர் சேருங்கள்.

எந்த வழியில் போனாலும் அனுப்பும் பெட்டியை அளவுநாடாவோடு வைத்து ஒரு படம் எடுத்துவிடுங்கள். கூரியர் கிடங்கில் மறுபடி அளந்து, 2.5 கிலோவை 3 கிலோ என்று பதிந்து கூடுதல் கட்டணம் போடுவது வழக்கமான தகராறு. செட்டில்மென்ட் அறிக்கையில் கூரியர் வரிசையை மட்டும் தனியாகப் பார்த்தால் அது தெரிந்துவிடும். அந்தப் படத்தை இணைத்து, அவர்கள் கொடுக்கும் கெடு முடிவதற்குள் புகார் போட வேண்டும்.