களிமண் வில்லையும் ஒலிக்குறியும்

வட ஈராக்கில் நூசி என்ற பழைய ஊரைத் தோண்டியபோது முட்டை வடிவில், உள்ளே பொள்ளலாக இருந்த ஒரு களிமண் உருண்டை கிடைத்தது. கி.மு. இரண்டாம் ஆயிரத்தின் நடுப்பகுதியைச் சேர்ந்தது. அதன் மேற்பரப்பில் ஆப்பெழுத்தில் ஓர் ஆட்டுக் கணக்கு இருக்கிறது: ஈன்ற செம்மறிகள் இத்தனை, கிடாக்கள் இத்தனை, வெள்ளாடுகள் இத்தனை என்று மொத்தம் 50-க்கு ஒன்றிரண்டு குறைவாக. உருண்டைக்குள்ளே அதே எண்ணிக்கையில் சிறு கற்கள் இருந்ததாகத் தோண்டியவர்கள் குறித்து வைத்தார்கள். வெளியே எழுதியாகிவிட்டதே, கல் எதற்கு? 1959-ல் லியோ ஓப்பன்ஹைம் என்ற அறிஞர் விடை சொன்னார். எழுத்து மந்தைக்காரரின் கணக்கருக்கு. கல், படிக்கத் தெரியாத இடையருக்கு.

இந்த உருண்டை செய்யப்பட்டபோது எழுத்துக்கு ஏறக்குறைய 1,700 வயது ஆகிவிட்டிருந்தது. ஆனாலும் கல் ஓய்வு பெறவில்லை. முதலில் எண்ணுவில்லை, பிறகு படம், பிறகு அசை, கடைசியில் எழுத்து என்று ஏணிப்படி போல வரலாறு சொல்வது நமக்குப் பழகிவிட்டது. 1952-ல் ஐ. ஜே. கெல்ப் எழுதிய புகழ்பெற்ற நூல் அந்த ஏணிக்கு உறுதியான வடிவம் கொடுத்தது. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒவ்வொரு கட்டத்திலும் ஏதோ ஒன்றைக் கைவிட்டுத்தான் இன்னொன்றைப் பெற்றார்கள். கைவிட்டது எது என்பதைப் பார்க்காமல் பெற்றதை மட்டும் எண்ணினால் கணக்கு நேராகாது.

வில்லைகளின் கதையை விரிவாகச் சொன்னவர் டெனிஸ் ஷ்மண்ட்-பெஸ்ஸெராட். கி.மு. 8000 வாக்கிலிருந்தே மேற்காசிய ஊர்களில் கூம்பு, உருண்டை, தட்டு வடிவங்களில் சின்னச் சின்னக் களிமண் துண்டுகள் கிடைக்கின்றன. அவை தானியத்தையும் கால்நடையையும் எண்ணப் பயன்பட்டவை என்றார் அவர். கி.மு. நான்காம் ஆயிரத்தில் ஈரானின் சூசா போன்ற இடங்களில் அந்தத் துண்டுகளைக் களிமண் உறைக்குள் போட்டு மூடி, மேலே முத்திரை உருட்டி வைத்தார்கள். யாரும் உள்ளே கை வைக்க முடியாது. அதே சமயம், உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க வேண்டுமானால் உடைத்தாக வேண்டும். ஆகவே உறையின் மேலேயே துண்டுகளை அழுத்தித் தடம் பதித்தார்கள். மேலே தடம் தெரிகிறபோது உள்ளே துண்டு எதற்கு என்ற கேள்வி எழுந்தது. உறை தட்டையாகி, பொள்ளல் இல்லாத பலகையானது. எண்களைப் பொறுத்தவரை இந்த வாதம் திடமானது. பலகைகளில் உள்ள சிறு கூம்புத் தடமும் வட்டத் தடமும் துண்டுகளின் தடத்தை அப்படியே ஒத்திருக்கின்றன.

பொருள்களைக் குறிக்கும் குறிகளுக்கு வரும்போதுதான் அவர் வாதம் தடுமாறுகிறது. வட்டத்துக்குள் கூட்டல் போட்ட துண்டு செம்மறியைக் குறித்தது, அதுவே பலகையில் செம்மறிக் குறியானது என்கிறார். அப்படியானால் ஆடு மேய்த்து வாழ்ந்த நாட்டில் அந்தத் துண்டு குவியல் குவியலாகக் கிடைக்க வேண்டுமே! கிடைத்தவை மிகச் சில. கோடும் புள்ளியும் கீறிய சிக்கலான துண்டுகள் உறைகளுக்குள் பெரும்பாலும் காணப்படவில்லை என்பதையும் பிறர் சுட்டிக்காட்டினார்கள். எண் வில்லையிலிருந்து வந்தது, பொருட்குறிகளில் பல நேரடியாகப் படத்திலிருந்து வந்தன என்று இரண்டு ஊற்றுகளாகப் பிரித்துக்கொள்வதே எனக்குச் சரியாகப் படுகிறது.

இரண்டும் சேர்ந்த இடம் தென் ஈராக்கின் உருக் நகரம், கி.மு. 3300-ஐ ஒட்டிய காலம். அங்கே கிடைத்த ஆயிரக்கணக்கான பலகைகளில் பெரும்பாலானவை கணக்குகள்தான். வாற்கோதுமை, பீர், ஆடு, ஆட்களுக்கான படி. இந்தக் கணக்குகளின் துல்லியம் அசர வைக்கிறது. ஆனால் எண் என்பதே அவர்களுக்குப் பொருளோடு ஒட்டியிருந்தது. ஆடுகளை எண்ணும்போது ஒரு வட்டத் தடம் பத்து சிறு தடங்களுக்குச் சமம். தானியத்தை அளக்கும்போது அதே வட்டம் ஆறுக்குத்தான் சமம். பக்கத்தில் என்ன பொருள் வரைந்திருக்கிறது என்று பார்த்துத்தான் மதிப்பை அறிய முடியும்.

ஒரு பலகையை மட்டும் அருகில் வைத்துப் பார்ப்போம். அதில் இருக்கும் செய்தி இவ்வளவுதான்: 29,086 அளவு வாற்கோதுமை, 37 மாதம், குஷிம். கொடுத்தது குஷிமா, வாங்கியது குஷிமா? வினைமுற்று இல்லை, வேற்றுமை உருபு இல்லை. குஷிம் என்பது ஒரு மனிதரின் பெயரா, ஒரு பதவியா என்றே இன்றும் முடிவாகவில்லை. அந்தக் களஞ்சியத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இந்தக் குறை உறைத்திருக்காது. ஆளும் தெரியும், வழக்கமும் தெரியும். பலகை அவர்கள் நினைவுக்கு ஓர் ஊன்றுகோல். இப்படி ஒலியைத் தொடாமல் எழுதியதில் ஒரு வசதியும் இருந்தது, எந்த மொழிக்காரரும் அதைத் தம் மொழியில் வாசித்துக்கொள்ளலாம். அந்த வசதியே நமக்குத் தலைவலியாகிவிட்டது. உருக் கணக்கர்கள் பேசியது சுமேரியம்தானா என்ற ஐயத்தைச் சில ஆய்வாளர்கள் இன்னும் விடவில்லை.

ஆட்டை வரையலாம், பானையை வரையலாம். ஓர் ஆளின் பெயரை எப்படி வரைவது? ஒலி எழுத்துக்குள் நுழைந்தது பெரும்பாலும் இந்த வாசல் வழியாகத்தான். சுமேரியத்தில் ‘தி’ என்றால் அம்பு. ‘தி’ என்றால் உயிர் என்றும் பொருள். உயிரை வரைய முடியாது, அம்பை வரையலாம். அம்பை வரைந்துவிட்டு உயிர் என்று வாசித்தால் பெயர் எழுதியாகிவிட்டது. சுமேரியத்தில் ஓரசைச் சொற்களும் ஒத்த ஒலிச் சொற்களும் மிகுதி என்பதால் இந்த உத்தி எளிதாகப் பிடித்துக்கொண்டது.

உத்தி அழகானது, ஆனால் சோதித்துப் பார்க்க வழி வேண்டும். சிந்துவெளி முத்திரைகளில் உள்ள மீன் குறியை, மீன் என்ற சொல் விண்மீனையும் குறிப்பதால், விண்மீன் என்று வாசிக்கலாம் என்றார் ஹீராஸ் பாதிரியார். அஸ்கோ பர்ப்போலா அதை விரித்து எழுதினார். தமிழ் வாசகரின் மனம் உடனே ஒட்டிக்கொள்ளும் கருத்து அது. ஆனால் சுமேரியத்துக்கு அக்காடிய விளக்கத்தோடு நீண்ட சொற்பட்டியல்கள் உண்டு. இன்ன குறிக்கு இன்ன ஒலி என்று அந்தக் காலத்து எழுத்தர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். சிந்துவெளிக்கு அப்படி ஒரு துணையும் கிடைக்கவில்லை. அதுவரை மீன், கேட்க இனிமையான ஓர் ஊகம் மட்டுமே.

உத்தி பழகிய பிறகு அதன் விலை தெரிந்தது. வாய்ப்பகுதியைக் கோடிட்டுக் காட்டிய ஒரு தலைப்படம் ‘க’ என்ற வாய்க்குறி. அதுவே ‘இனிம்’ என்ற சொல்லுக்கும், ‘துக்’ என்ற பேசுதலுக்கும், ‘ஸு’ என்ற பல்லுக்கும் குறியானது. எங்கே எதை வாசிப்பது? எழுத்தர்கள் பின்னால் ஓர் ஒலிக்குறியை ஒட்டினார்கள். ‘ம’ ஒட்டினால் இனிம், ‘க’ ஒட்டினால் துக். இதைத் தவிர, உச்சரிக்காத வகைக்குறிகளையும் சேர்த்தார்கள். விண்மீன் குறி முன்னால் நின்றால் வருவது கடவுள் பெயர், மரக்குறி நின்றால் மரப்பொருள். அந்த விண்மீனே வேறோரிடத்தில் வானம் என்றும், இன்னோரிடத்தில் ‘அன்’ என்ற வெறும் அசையாகவும் நிற்கும். கற்பவருக்கு இது பெரும் பாரம்தான். ஆனால் தேர்ந்தவர் கண்ணுக்கு இந்தக் கலவை ஒரு வசதி. வரியை முழுக்க உச்சரிக்காமலே, இங்கே ஒரு கடவுள், அங்கே ஓர் ஊர் என்று மேலோட்டமாகப் பார்வையை ஓட்டலாம்.

இந்த எழுத்து, சுமேரியத்துக்குத் துளியும் உறவில்லாத அக்காடியத்துக்குப் போனபோது சட்டை பொருந்தவில்லை. அக்காடியத்தில் க் ஒலியில் மூன்று வகை உண்டு. மூன்றும் பொருளை மாற்றும். அசையின் இறுதியில் வரும்போது மூன்றுக்கும் ஒரே குறிதான் இருந்தது. கல், அகம், தங்கம் என்ற சொற்களில் நாமும் ஒரே ககரத்தை மூன்று விதமாக ஒலிக்கிறோம்; ஆனால் தமிழில் எங்கே எப்படி ஒலிப்பது என்பதை இடமே சொல்லிவிடுகிறது. அக்காடியத்தில் இடம் சொல்லாது, சொல்லைத் தெரிந்திருக்க வேண்டும்.

அப்படியிருந்தும் எளிமைப்படுத்த முடியாத எழுத்தல்ல அது. கி.மு. 1900-ஐ ஒட்டி, துருக்கியின் கனேஷ் நகரில் தங்கி வெள்ளீயமும் துணியும் விற்ற அசீரிய வணிகர்கள் நூற்றுச் சில்லறைக் குறிகளோடு, பெரும்பாலும் அசையசையாக எழுதினார்கள். அங்கே கிடைத்த பலகைகள் 22,000-க்கு மேல். வீட்டுப் பெண்கள் அனுப்பிய கடிதங்களும் அவற்றில் உண்டு. சுருக்கமான முறை கையில் இருந்தும், பிற்கால எழுத்தர் பள்ளிகள் அறுநூறு குறிகளை விடாமல் காத்தன. அவர்கள் கல்விச் செருக்கு இதில் பாதிக் காரணம் என்றுதான் நினைக்கிறேன்.

குறிகளை ஒரேயடியாகக் குறைத்தவர்கள் வேறிடத்தில் இருந்தார்கள். 1905-ல் சினாய் பாலைவனத்தின் செராபித் எல்-காதெம் என்ற பழைய நீலப்பச்சைக்கல் சுரங்கத்தில் ஃப்ளிண்டர்ஸ் பெட்ரி எகிப்திய எழுத்தைப் போலவே, ஆனால் வேறாக இருந்த சில பொறிப்புகளைக் கண்டார். குறிகள் முப்பதுக்குள் அடங்கின. 1916-ல் ஆலன் கார்டினர் அங்கே திரும்பத் திரும்ப வந்த ஒரு தொடரைப் பிடித்தார்: வீடு, கண், தாற்றுக்கோல், கூட்டல் அடையாளம். செமித்திய மொழிப் பெயர்களின் முதல் ஒலியை மட்டும் எடுத்தால் வீட்டுக்கு ப், கண்ணுக்குத் தொண்டையிலிருந்து எழும் ஒரு மெய், கோலுக்கு ல், அடையாளத்துக்கு த். சேர்த்தால் ‘பாலத்’, அதாவது தலைவி என்ற பெண்தெய்வம். அதே தெய்வத்தின் கோயில் அந்தச் சுரங்கத்தருகே இருந்தது.

இங்கே படம் தன் பொருளை முற்றிலும் விட்டுவிட்டது. வீட்டுக்கும் தெய்வத்துக்கும் தொடர்பே இல்லை. சுமை பெரிதும் இறங்கியது உண்மை, ஆனால் உயிரொலிகளும் போய்விட்டன. செமித்திய மொழிகளில் வேர்ச்சொல் மெய்களில் நிற்பதால் அங்கே சமாளிக்க முடிந்தது. கிரேக்கர் கைக்கு அது போனதும், தங்களுக்கு வேண்டாத மெய்க்குறிகளை உயிராக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. மொழி தெரியாதவர் ஒலித்துப் பார்க்கலாம், பொருள் விளங்காது. உருக் கணக்கு எந்த மொழிக்காரருக்கும் கொடுத்ததை இந்த எழுத்து கொடுக்கவில்லை.

பாபிலோனின் வானியலாளர்களைக் கவனித்தால் இது இன்னும் தெளிவாகும். சுற்றிலும் அரமேய நெடுங்கணக்கு பரவி, தோலிலும் மையிலும் எழுதுவது வழக்கமாகிப் பல நூற்றாண்டு ஆன பிறகும் அவர்கள் களிமண்ணை விடவில்லை. கோளுக்கு ஒன்றிரண்டு சொற்குறி, நிலைக்கு ஒரு குறி, எண்ணுக்கு அறுபதை அடியாகக் கொண்ட சில ஆப்புத் தடங்கள். உயிரும் மெய்யுமாக எழுத்துக்கூட்டினால் ஓராண்டுப் பஞ்சாங்கம் ஒரு பலகையில் அடங்குமா என்பது ஐயம். நாள் உறுதியாகத் தெரிந்த ஆப்பெழுத்துப் பலகைகளில் கடைசியாக எழுதப்பட்டவை கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த இந்த வானியல் கணக்குகள்தான்.